இலாபம் குளத்தில், காசு எங்கே?

இறால் குளத்துக்கு நான்காவது மாதம்தான் பெரும்பசி மாதம். குஞ்சு விட்ட முதல் மாதம் முழுவதும் தின்றதைவிட அதிகமான தீவனத்தை அந்த மாதத்தில் ஒரே வாரத்தில் தின்று தீர்த்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது தீவனம் வீச வேண்டும். வீசிய பிறகு, குளத்தின் ஓரத்தில் தண்ணீருக்குள் இறக்கிவைத்த சோதனைத் தட்டை மெல்லத் தூக்கிப் பார்ப்பார்கள். தட்டில் ஒரு மணியும் மிஞ்சவில்லை என்றால் இறால் சுகமாக இருக்கிறது, அடுத்த வேளைக்குக் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்று அர்த்தம். அந்த வெறுந்தட்டைப் பார்த்தால் பண்ணைக்காரருக்கு மனம் குளிரும். கூடவே, அடுத்த வாரத்துத் தீவன மூட்டைக்குக் காசு எங்கிருந்து வரும் என்ற கவலையும் தொற்றிக்கொள்ளும்.

சிலாபம் தொடங்கி ஆராச்சிக்கட்டுவ, உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம் களப்பு வரைக்கும் கரையோரமாகப் போகிறவர்கள் வெட்டிய குளங்களை வரிசையாகப் பார்க்கலாம். சிலவற்றில் துடுப்புச் சக்கரம் சுழன்று தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும். சில குளங்கள் வறண்டு, கரை இடிந்து, புல் முளைத்துக் கிடக்கும். கைவிட்ட குளத்தைக் காட்டிக் காரணம் கேட்டால் ஊரில் முதலில் வரும் பதில் நோய். அது பொய்யில்லை. ஆனால் நோய் வராத போகத்திலும், இறால் நன்றாக வளர்ந்து, சந்தையில் விலையும் இருக்கும்போதே ஒரு பண்ணை படுத்துவிடலாம். கணக்கெழுதிப் பார்த்தால் இலாபம் இருக்கும், பெட்டியில் காசு இருக்காது. அதற்கான காரணம் குளத்துத் தண்ணீரில் இல்லை. காசு வெளியே போகும் நாளுக்கும் திரும்பி வரும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது.

பள்ளியில் கணக்கீடு படித்தவர்களுக்கு இந்த இடைவெளி தெரிந்ததுதான். பொருள் இருப்பில் கிடக்கும் நாட்களோடு, விற்ற காசு வந்து சேர எடுக்கும் வருமதி நாட்களைக் கூட்டு. நமக்குக் கடன் தந்தவர் பொறுத்திருக்கும் சென்மதி நாட்களைக் கழி. மிஞ்சுவதுதான் காசு மாற்றச் சுழற்சி. அந்த நாட்கள் முழுவதும் தொழிலைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பணம்தான் தொழிற்படு மூலதனம். 1980இல் ரிச்சர்ட்ஸ், லாஃப்லின் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை ஒரு கட்டுரையாக எழுதிப் பரப்பினார்கள். புத்தளம் நகரில் பேக்கரி நடத்துகிறவர் அந்தக் கட்டுரையைப் படிக்காமலே இதை நன்றாக அறிவார். காலையில் சுட்ட பாண் மாலைக்குள் காசாகிவிடும், மாவுக்காரருக்கு வாரக் கடைசியில் கொடுத்தால் போதும். அவருடைய கடை வளர வளரக் கையில் காசு கூடும். இறால் பண்ணை அதற்கு நேர் எதிர். வளர வளரக் காசை விழுங்கும்.

எவ்வளவு விழுங்கும் என்பதை ஒரு குளத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்ட உதாரண எண்கள். விலைகள் போகத்துக்குப் போகம் மாறும், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

ஓர் ஏக்கர் குளம். குஞ்சு விட்டதில் 50,000 இறால் பிழைத்து, ஒவ்வொன்றும் 30 கிராம் ஆகிறது. 1,500 கிலோ. கிலோ 1,600 ரூபாய்க்குப் போனால் 24 இலட்சம் வரவு.

இனிச் செலவு. முதல் ஒரு மாதம் குளத்தில் இறாலே இருக்காது. தண்ணீரை வடித்து, அடிச்சேற்றைக் காயவைத்து, அள்ளி, சுண்ணாம்பு போட்டு, புதுத் தண்ணீர் ஏற்றித் தயார் செய்ய ஒன்றரை இலட்சம். பொரிப்பகத்திலிருந்து குஞ்சு வாங்க 1 இலட்சத்து 80 ஆயிரம். காவலுக்கும் வேலைக்கும் ஐந்து மாதச் சம்பளம் 2 இலட்சத்து 40 ஆயிரம். துடுப்புச் சக்கரத்துக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் மின்சாரம், டீசல் என்று 3 இலட்சத்து 20 ஆயிரம். எல்லாவற்றிலும் பெரியது தீவனம். ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்று வைத்தால் 2,250 கிலோ. கிலோ 440 ரூபாய் என்றால் 9 இலட்சத்து 90 ஆயிரம். ஆக மொத்தம் 18 இலட்சத்து 80 ஆயிரம். இலாபம் 5 இலட்சத்து 20 ஆயிரம். போட்ட காசில் நூற்றுக்கு 27 ரூபாய்க்கும் மேல். எந்த வங்கியில் போட்டால் ஐந்தாறு மாதத்தில் இவ்வளவு கிடைக்கும்?

இந்த இலாபக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதில் திகதி இல்லை. திகதியைப் போட்டுப் பார்த்தால் வேறொரு படம் தெரியும். தீவனம் மாதத்துக்கு மாதம் ஒரே அளவாகப் போகாது. முதல் மாதம் 150 கிலோ, இரண்டாவது மாதம் 450, மூன்றாவது மாதம் 700, நான்காவது மாதம் 950. மின்சாரமும் அப்படித்தான் ஏறும். இறால் பெருக்கப் பெருக்கத் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், சக்கரம் இரவெல்லாம் சுழல வேண்டும். குளம் தயாரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அறுவடைக்கு 150 நாள். அறுவடையை எடுத்தவர் 30 நாள் தள்ளித் திகதியிட்ட காசோலை தருகிறார். ஆக 180ஆவது நாளில்தான் முதல் ரூபாய் கைக்கு வருகிறது. தீவனக் கடைக்காரர் 30 நாள் பொறுப்பார் என்று வைத்துக்கொண்டால் கடைசி மாதத் தீவனத்துக்கான 4 இலட்சத்து 18 ஆயிரத்தை இறால் விற்ற காசிலேயே கட்டிவிடலாம். மீதி 14 இலட்சத்து 62 ஆயிரத்தை, ஒரு ரூபாயும் வருவதற்கு முன்பாகவே சொந்தமாகப் போட்டாக வேண்டும்.

ஒரு குளம் வைத்திருப்பவர் நினைவில் வைக்க வேண்டிய எண் இலாபம் 5 இலட்சத்து 20 ஆயிரம் அல்ல, இந்த 14 இலட்சத்து 62 ஆயிரம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தொழில் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதற்கான பதில் கிடைக்கும். வந்த இலாபத்தில் வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் 2 இலட்சத்து 20 ஆயிரம் எடுத்தால் மிச்சம் 3 இலட்சம். இன்னொரு குளத்தைச் சொந்தக் காசில் ஓட்ட 14 இலட்சத்து 62 ஆயிரம் வேண்டும். ஏறக்குறைய ஐந்து போகம் சேர்த்தால்தான் ஒரு குளம் கூட்ட முடியும். நூற்றுக்கு 27 இலாபம் தரும் தொழில் இது. அப்படி இருந்தும் அதன் சொந்தக் கால் இவ்வளவு மெதுவாகத்தான் நடக்கும்.

ஆனால் நல்ல போகம் ஒன்றைக் கண்டவர் அப்படி மெதுவாக நடப்பதில்லை. இப்படி ஒருவரை எண்ணிப் பாருங்கள். 15 இலட்சத்தோடு இறங்கினார், ஒரு குளம் எடுத்தார், வீட்டுச் செலவு போகக் கையில் இப்போது 18 இலட்சம். பக்கத்தில் மூன்று குளங்கள் குத்தகைக்குக் கிடக்கின்றன. ஒரு குளத்தில் 5 இலட்சத்துக்கு மேல் வந்தால் நான்கு குளத்தில் 20 இலட்சத்துக்கு மேல் வரும் என்று கணக்குப் போடுகிறார். குத்தகையைக்கூட இப்போதைக்கு விட்டுவிடுவோம், மற்றச் செலவை மட்டும் பார்ப்போம்.

குளம் தயாரிக்கும் மாதத்தில் நான்கு குளத்துக்குமாகச் சம்பளத்தோடு 8 இலட்சம் போய்விடுகிறது. கையில் 10. குஞ்சுக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம் கொடுத்ததும் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். முதல் மாதத் தீவனம் கடனில் வருகிறது. ஆனாலும் சம்பளமும் மின்சாரமும் மூன்றரை இலட்சம் கேட்கின்றன. குஞ்சு விட்டு ஒரு மாதம் முடியும்போதே பெட்டி காலி. அப்போது இறால் ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். யாரும் வாங்க மாட்டார்கள், அடகு வைக்கவும் முடியாது. இரண்டாவது மாத முடிவில் 8 இலட்சம் கடன். மூன்றாவது மாத முடிவில் ஏறக்குறைய இருபத்தொன்றரை இலட்சம். நான்காவது மாத முடிவில் நாற்பதரை இலட்சம். கடைசி ஒரு மாதத்தில் மட்டும் 19 இலட்சம் புதிதாகக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் இந்தக் கதையில் ஒரு குளத்திலும் நோய் வரவில்லை, ஒரு மூட்டைத் தீவனமும் வீண்போகவில்லை. அவர் செய்ததெல்லாம் நன்றாக ஓடிய தொழிலை நாலு மடங்காக்கியதுதான்.

தனியாரிடம் மாதம் நூற்றுக்கு 3 வட்டிக்கு வாங்கினாலும் இந்தப் போகத்துக்கான மொத்த வட்டி 2 இலட்சத்து 10 ஆயிரம் அளவில்தான் வரும். 20 இலட்சத்து 80 ஆயிரம் இலாபத்தில் அது பத்தில் ஒரு பங்கு. ஆகவே பண்ணையை வட்டி தின்றுவிட்டது என்று ஊரில் சொல்வதில் நான் முழுதாக உடன்பட மாட்டேன். வட்டியின் அளவைவிடக் கொடியது, நான்காவது மாதத்தில் கடன் கிடைக்காமல் போவதுதான். கடன் கொடுத்தவர்கள் எல்லாருமே பயப்படத் தொடங்கும் மாதமும் அதுதான். தீவனக் கடையில் அந்தப் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: “தம்பி, போன மாசக் கணக்க முடிச்சிட்டு மத்த மூட்டைய ஏத்துங்க.” அவர் மீது குற்றமில்லை. அவருக்கும் தீவனக் கம்பெனி ஒரு நாள் குறித்திருக்கிறது.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பண்ணைக்காரருக்கு இரண்டே வழி. தீவனத்தைக் குறைத்தால் இறால் ஒன்றையொன்று தின்னும், வளர்ச்சி நிற்கும். அதனால் பெரும்பாலும் இரண்டாவது வழியைத்தான் எடுப்பார்கள். மூன்று மாதத்திலேயே வலையை இறக்கிவிடுவார்கள். அதற்கும் கணக்கிருக்கிறது. 90 நாளில் இறால் 21 கிராம் என்று வையுங்கள். அதே 50,000 இறால் 1,500 கிலோவுக்குப் பதிலாக 1,050 கிலோதான் வரும். சின்ன இறாலுக்கு விலையும் குறைவு. கிலோ 1,200 என்றால் 12 இலட்சத்து 60 ஆயிரம். அதுவரை ஒரு குளத்தில் போன செலவு 12 இலட்சத்து 94 ஆயிரம். 5 இலட்சத்து 20 ஆயிரம் இலாபம் 34 ஆயிரம் நட்டமாக மாறிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போகத்தின் முழு இலாபமும் கடைசி 30 நாளில்தான் பிறக்கிறது. முதல் மூன்று மாதப் பாடும் போட்ட காசைத் திருப்பி எடுக்க மட்டும்தான் போதுமானது. ஆகக் காசு வற்றும் மாதமும் இலாபம் பிறக்கும் மாதமும் ஒன்றே. 60ஆவது நாளில் காசு தீர்ந்தால் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், தங்கள் இலாபம் முழுவதையும் 90ஆவது நாளுக்குப் பிறகுதான் வைத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நான்கு குளத்துக்கும் ஒரே நேரத்தில் குஞ்சு விடாமல், மாதம் ஒரு குளமாக விட்டால் என்ன? கணக்கு முறையில் அது சரியான யோசனை. ஒரு குளத்து அறுவடைக் காசு அடுத்த குளத்துத் தீவனத்துக்கு உதவும், உச்சக் கடன் சரியும். வேறு தொழிலில் நானும் அதைத்தான் சொல்வேன். இந்தக் கரையில் அதற்குத் தடை உண்டு, அந்தத் தடை பட்டறிந்து போட்டது.

1980களில் வடமேல் மாகாணக் கரையில் இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. பண்ணைகள் பெரும்பாலும் களப்பிலிருந்தும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும்தான் தண்ணீர் எடுத்தன, கழிவு நீரையும் அங்கேயே விட்டன. ஒரு பண்ணை விட்ட தண்ணீர் அடுத்த பண்ணைக்குள் போனது. 1980களின் இறுதியில் ஒரு தடவை நோய் வந்து அடங்கியது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு குளத்தில் தொடங்கியது கால்வாய் வழியாகக் கரை முழுவதும் ஓடியது. சில நாளிலேயே குளம் முழுவதும் செத்து மிதக்கும் நோய் அது, மருந்தும் இல்லை. அந்த அடியிலிருந்து பல பண்ணைகள் எழும்பவேயில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. நக்டா என்று ஊர் அறிந்த அந்தச் சபையும் பண்ணையாளர் சங்கங்களும் பின்னாளில் போக அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தன. கரையை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்தக் காலத்தில் குஞ்சு விடலாம் என்று குறித்தார்கள். ஒரே தண்ணீரைப் பகிர்பவர்கள் சேர்ந்து விட்டு, சேர்ந்து அறுத்து, சேர்ந்து காயவிட்டால் நோய்க்கு இடைவெளியில் தங்க இடமிருக்காது என்பது இதன் தர்க்கம்.

நோய்க்கு இது நல்ல மருந்து. காசுக்கு இது எதிர் வேலை செய்கிறது. ஒரு வலயத்தில் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் குஞ்சு வேண்டும், ஒரே மாதத்தில் தீவனக் கடன் உச்சத்துக்குப் போகும். தீவனக் கடைக்காரரின் கையிருப்பும் அதே வாரத்தில்தான் இறுகும். அறுவடையும் ஒன்றாக வருவதால் வாங்குகிறவரின் கை ஓங்கும். விலையைக் குறைக்காவிட்டாலும் தவணையை நீட்டிக் கேட்பார். இதற்காக அட்டவணையைக் குறை சொல்ல முடியாது, அதை மீறினால் 1996 திரும்பி வரும். அட்டவணையை ஏற்றுக்கொண்டு, அது கேட்கும் காசைத் தனியாகத் திட்டமிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

தவணை நீண்டால் நடப்பது என்ன என்பதையும் அட்டவணைதான் தீர்மானிக்கிறது. 30 நாளில் தருகிறேன் என்றவர் 90 நாளாக்கிவிட்டால், நான்கு குளத்துக்காரருக்குக் கடைசித் தீவனப் பாக்கியும் சேர்த்து 57 இலட்சம் கடன் இன்னும் இரண்டு மாதம் நிற்கும். அதற்கு வட்டி மூன்றரை இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது வலிக்கும், ஆனால் கொல்லாது. கொல்வது வேறு. காசு வரும்போது அவருடைய வலயத்துக் குஞ்சு விடும் காலம் முடிந்திருக்கும். அடுத்த முறை வரும்வரை குளம் காயும், காவலாளிக்குச் சம்பளம் போகும், 20 இலட்சம் தரக்கூடிய ஒரு போகம் கைவிட்டுப் போகும். வாங்குகிறவர் தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் வட்டியை மட்டும் கணக்கில் எடுப்பவர், இழப்பின் பெரும்பகுதியை எழுதாமலே விடுகிறார். இந்தியாவில் சிறுதொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுபெற்ற சிறிய வழங்குநருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்கிறது, மீறினால் கூட்டு வட்டி கட்ட வைக்கிறது. அங்கும் பாக்கி ஒழிந்துவிடவில்லை, ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

இன்னொரு வகை வளர்ச்சியும் உண்டு. ஒரு குளத்தையும் கூட்டாமலே வருவது. 2022இல் இந்த நாட்டில் தொழில் செய்த எல்லாருக்கும் அது தெரியும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 புள்ளி உயர்த்தி, கடன் வசதி வட்டியை 14.5 வீதமாக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்கே 25 வீதத்துக்கு மேல் வட்டி கேட்டன. இறால் ஏற்றுமதிப் பொருள், டொலர் ஏறினால் விலையும் ஏறும், பண்ணைக்காரருக்கு நல்லதுதானே என்று கேட்டவர்கள் உண்டு. நம் ஒற்றைக் குளக் கணக்கையே எடுப்போம். பழைய விலையில் போகம் முடித்து 15 இலட்சத்தை 20 இலட்சமாக்கியவர் இருக்கிறார். அடுத்த போகத்தில் தீவனம், டீசல், குஞ்சு, இறால் எல்லாமே இரட்டிப்பு விலை என்று வையுங்கள். இலாபமும் 10 இலட்சமாக இரட்டிக்கும். ஆனால் அதே ஒரு குளத்தை ஓட்ட இப்போது 29 இலட்சம் வேண்டும். கையில் இருப்பது 20. நேற்று ஒரு குளத்தைச் சொந்தக் காசில் ஓட்டியவரால் இன்று அதை முழுதாக நிரப்ப முடியாது. கூடிய இலாபத்துக்கு மத்தியிலேயே அவர் ஏழையாகிவிட்டார். விற்பனை விலையைப் பார்த்துத் தேற்றிக்கொள்பவர்கள், அந்த விலை 180 நாளுக்குப் பிறகுதான் கைக்கு வரும் என்பதையும், ஏறிய செலவு நாளை காலையே கதவைத் தட்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது புத்தளத்துக்கு மட்டும் உரிய வியாதியில்லை. அமெரிக்காவில் டபிள்யூ. டி. கிராண்ட் என்று ஒரு கடைத்தொடர் இருந்தது. 1906இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் தொடங்கி ஆயிரத்துக்கு மேல் கிளை பரப்பியது. புதுக் கிளைகளைத் திறந்து, அவற்றைச் சரக்கால் நிரப்பி, வாடிக்கையாளருக்குத் தாராளமாகக் கடனில் கொடுத்து விற்பனையைப் பெருக்கினார்கள். இருப்பும் வருமதியும் ஊதின. ஐந்தொகையில் தொழிற்படு மூலதனம் திடமாகத் தெரிந்தது, இலாபம் ஆண்டுதோறும் எழுதப்பட்டது, பங்கிலாபமும் கொடுத்தார்கள். 1975 ஒக்டோபரில் திவாலானார்கள். பிறகு லார்கே, ஸ்டிக்னி என்ற இரு பேராசிரியர்கள் அந்தக் கணக்குகளைக் கிளறிப் பார்த்தபோது, இலாபம் எழுதப்பட்ட அதே பத்தாண்டில் பெரும்பாலான வருடங்களில் தொழிலிலிருந்து கைக்குக் காசு வரவேயில்லை என்பது தெரிந்தது. கடன் வாங்கித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருப்பும் வருமதியும் காசல்ல. குளத்து இறாலும் அப்படித்தான்.

சரி, என்ன செய்யலாம்? எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது இடை அறுவடை. மூன்றாவது மாத முடிவில் குளம் முழுவதையும் அறுக்காமல் 300 கிலோவை மட்டும் எடுத்து, கைக்காசுக்கு விற்றுவிடுவது. 1,200 ரூபாய் விலைக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம் வரும். காசு மிகவும் தேவைப்படும் வாரத்தில் அது வருகிறது, ஒரு குளத்தின் உச்சத் தேவையைப் பதினொன்றரை இலட்சத்துக்குக் கீழே இறக்குகிறது. குளத்தில் நெருக்கம் குறைவதால் மிஞ்சிய இறாலுக்கு ஒட்சிசனும் தீவனமும் தாராளம், அது விரைவாகப் பெருக்கும். அந்த 300 கிலோவை 30 கிராம் வரை வைத்திருந்தால் கூடுதல் விலை கிடைத்திருக்கும் என்பது உண்மை. அந்த இழப்பைக் கடன் கிடைக்காத அபாயத்தோடு ஒப்பிட வேண்டும், வெறும் வட்டியோடு ஒப்பிடக் கூடாது. வலை போடும்போது இறால் மிரண்டு கலங்காமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் வேண்டும், அது இந்த முறைக்கு உள்ள வரம்பு.

அடுத்தது, கடனுக்குள் ஒளிந்திருக்கும் வட்டியை வெளியே எடுத்துப் பார்ப்பது. தீவனம் கடனுக்கு 440, கைக்காசுக்கு 420 என்றால் வித்தியாசம் 20 ரூபாய்தானே என்று தோன்றும். 420 ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு 20 ரூபாய் என்பது நூற்றுக்கு நாலே முக்கால். நகையை அடகு வைத்துக் கைக்காசுக்கு வாங்குவது இதைவிட மலிவு. மறுபக்கம், இறால் வாங்குகிறவர் 30 நாள் காசோலைக்கு 1,600, இன்றே காசு என்றால் 1,560 என்று சொன்னால், அங்கே மாத வட்டி இரண்டரைக்குச் சற்று மேல்தான். வெளியில் 3 கொடுத்துக் கடன் வாங்கியிருப்பவர் யோசிக்காமல் 1,560ஐ எடுக்க வேண்டும். 40 ரூபாயை விட்டுக்கொடுத்தோமே என்று வருந்துகிறவர்கள் பலர். திரும்பி வரும் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு வருந்துவதைவிட அது நல்லது.

வங்கிகளுக்கும் ஒரு சொல். காணி உறுதியை வாங்கிக்கொண்டு ஒரே தொகையாகக் கடன் கொடுத்து, அடுத்த மாதத்திலிருந்தே தவணை கேட்பது இறால் குளத்துக்குப் பொருந்தாது. முதல் ஐந்து மாதம் அங்கே வரவே இல்லை. கொடுத்த தொகையும் நான்காவது மாதத்துக்கு முன்பே குளத்துக் கரையிலும் புதுப் பம்பியிலும் கரைந்துபோகும். மாதத்துக்கு மாதம் தீவனத் தேவைக்கு ஏற்ற அளவில் விடுவித்து, அறுவடையில் ஒரே தடவையாகத் திருப்பி எடுக்கும் கடன்தான் இதற்கு உரியது. போக அட்டவணையும் அதிகாரசபையின் பதிவும் இருக்கும்போது எந்த வலயத்துக்கு எந்த மாதத்தில் எவ்வளவு வேண்டும் என்று மதிப்பிடுவது வங்கிக்குக் கடினமில்லை. கடன் நிலுவையானால் நீதிமன்றம் போகாமலே சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு இடம்கொடுக்கும் பராட்டே சட்டத்தை 2024இல் நாடாளுமன்றம் தற்காலிகமாக நிறுத்திவைத்தது, அது மூச்சுவிட நேரம் தந்தது. ஆனால் தவணைத் திகதி தவறாக இருக்கும் கடனை ஏலத்தை ஒத்திவைத்துச் சரிசெய்ய முடியாது.

அடுத்த போகத்துக்குக் குளம் காயவிடும் நாளில் ஒரு தாளை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஆறு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்த மாதம் கையை விட்டுப் போகும் காசு, கைக்கு வரும் காசு, முடிவில் மிஞ்சுவது என்று மூன்றே எண். இலாபத்தை அந்தத் தாளில் எழுத வேண்டாம். குஞ்சு விட்ட நான்காவது மாதத்துக்கான வரியில் வரும் பள்ளத்தை, யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பாமல், கையில் இருக்கும் காசாலும் எழுத்தில் வாங்கிய கடன் வசதியாலும் நிரப்ப முடிந்தால் குஞ்சுக்குச் சொல்லுங்கள். மேலே சொன்ன நான்கு குளத்துக்காரர் சொந்தமாக 18 இலட்சம் வைத்திருக்கிறார். வங்கி 12 இலட்சத்துக்கு எழுத்தில் உறுதி கொடுத்தால் மொத்தம் 30. அது சரியாக இரண்டு குளத்துக்குப் போதும். மற்ற இரண்டையும் அவர் இந்தப் போகம் எடுக்கக் கூடாது.